75 மீட்டர் வாங்கும் முன் அரை மீட்டரைச் சோதியுங்கள்: புழுக்கத்துக்குத் துணி தேர்ந்தெடுப்பது எப்படி

தக்கலை பக்கம் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். நாலு மெஷின், யூனிபார்ம் ஆர்டர்தான் பெரும்பாலும். போன வருடம் ஒரு பார்ட்டிக்கு 46 சட்டை தைத்துக் கொடுத்தேன். அதில் 20 பேர் குளச்சல் பக்கம் ஒரு மீன் கொட்டகையில் பெட்டி தூக்குகிறவர்கள், மீதிப் பேர் ஆரல்வாய்மொழியில் காற்றாலை யார்டு கேட்டில் காவல் நிற்கிறவர்கள். கடையில் 'காட்டன்தான்' என்று சொல்லிக் கொடுத்த துணி, மீட்டர் 170 ரூபாய், 75 மீட்டர். கையில் தடவினால் பூப்போல இருந்தது.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "அண்ணே, இந்தச் சட்டையப் போட்டா பிளாஸ்டிக் கவரை உடம்புல சுத்துன மாதிரி இருக்குல்லா, நீங்க வந்து ஒரு மணிக்கூர் போட்டுப் பாருங்க." போனேன், போட்டும் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். துணிக்கு மட்டும் 12,750 ரூபாய் போனது, தையல் கூலியைக் கேட்க வாய் வரவில்லை. அதற்கப்புறம்தான் ரீகெயின், விக்கிங் என்று இரண்டு விஷயம் இருப்பதையும், இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு அளந்துவிடலாம் என்பதையும் படித்தும் கேட்டும் செய்தும் கற்றுக்கொண்டேன். நீங்கள் யூனிபார்ம் தைப்பவரோ, டீம் டி-ஷர்ட் ஆர்டர் எடுப்பவரோ, யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போனால் இரண்டு நாளும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயும்தான் செலவு.

1. ரீகெயினும் விக்கிங்கும் ஒன்றல்ல

கடைக்காரர்கள் 'வேர்வை இழுக்கும்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

ரீகெயின் என்பது இழை தன் உடம்புக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும் ஈரம். நன்றாக உலர்த்திய துணி 100 கிராம் இருந்தால், காற்றில் தொங்கவிட்ட பிறகு அது எத்தனை கிராம் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கு. பருத்திக்கு வியாபாரத்தில் வைத்திருக்கும் எண் 8.5 சதவீதம், விஸ்கோஸுக்கு 13 அளவில், பாலியஸ்டருக்கு வெறும் 0.4. இந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் துணி காய்ந்துதான் இருக்கும். வேர்வை துளியாக மாறும் முன் ஆவியாக இருக்கும்போதே இழை அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

விக்கிங் வேறு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதேதான். இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய சந்துகளில் தண்ணீர் துளித்துளியாக ஓடுகிறது. இதற்கு இழை தண்ணீரைக் குடிக்க வேண்டியதே இல்லை, இழையின் மேல்பரப்பு நனைந்தால் போதும். அதனால்தான் 0.4 சதவீதம் மட்டுமே குடிக்கும் பாலியஸ்டரை, மேலே ஒரு பூச்சும் இழையில் நீளவாக்கில் பள்ளமும் கொடுத்து, பருத்தியைவிட வேகமாக இழுக்க வைக்க முடிகிறது. தலைகீழாக, நூறு சதவீதம் பருத்தியாக இருந்தும் மேலே மெழுகோ சிலிக்கானோ ஏறியிருந்தால் தண்ணீர் துளி சேம்பிலையில் நிற்பதுபோல நிற்கும்.

இதில் எது உங்களுக்கு வேண்டும் என்பது, போடுகிறவர் எவ்வளவு வேர்க்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்ததும் எனக்குக் கண் திறந்தது. அரைக்கைச் சட்டை ஒன்று 200 கிராம் என்று வையுங்கள். 65 சதவீதக் காற்று ஈரத்தில் பருத்தி 8 சதவீத அளவு ஈரம் வைத்திருக்கிறது, உடம்பை ஒட்டி ஈரம் 90 சதவீதமானால் 13 வரை போகும். வித்தியாசம் 5 சதவீதம், அதாவது 10 கிராம் தண்ணீர். பெட்டி தூக்குகிற ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் வேர்வை சாதாரணமாகப் போகும், நிமிடத்துக்கு 8 கிராம். ஆக, பருத்தியின் ரீகெயின் அவருக்கு ஒன்றேகால் நிமிடம்தான் தாங்கும். அதுவும் குளச்சல் கரையில் காற்றே 80 சதவீத ஈரத்தில் இருக்கும்போது, சட்டையை மாட்டும் முன்பே பருத்தி 10 சதவீத அளவு குடித்து முடித்திருக்கும்.

ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கும், நிழலில் கேட் காக்கிறவருக்கும் இந்த 10 கிராம் பெரிய விஷயம். அவர்களுக்கு வேர்வை துளியாகவே வராமல் ஆவியாகக் கொஞ்சம் கொஞ்சம் கசிகிறது. அதை இழை வாங்கி வெளியே விடும்போது உடம்பில் அந்தப் பிசுபிசுப்பு வருவதில்லை. சுருக்கமாகச் சொன்னால் லேசாக வேர்க்கிறவருக்கு ரீகெயின் பாருங்கள், கொட்டுகிறவருக்கு விக்கிங்கும் உலரும் வேகமும் பாருங்கள். நான் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே துணி வாங்கினேன், அதுவே முதல் தப்பு.

2. கடையில் என்ன கேட்பது, என்ன எழுதி வாங்குவது

முதலில் அரை மீட்டர் மட்டும் வாங்குங்கள். பேல் வாங்கினால்தான் கொடுப்பேன் என்கிறவரிடம் சாம்பிளுக்குக் காசு கொடுத்தே கேளுங்கள், வடசேரியில் எனக்கு மறுத்தவர் ஒருவர்தான்.

பில்லில் 'ஷர்ட்டிங்' என்று மட்டும் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் பில்லில் அதுதான் இருந்தது, அதனால் திரும்பிப் போய்ச் சண்டை போட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. இழையின் பெயரும் சதவீதமும் (காட்டன் 100, அல்லது பாலியஸ்டர் 65 காட்டன் 35 என்று), ஒரு சதுர மீட்டர் எடை, துணிச் சுருளின் தான் எண், இவை பில்லில் கையால் எழுதியாவது வர வேண்டும். எழுத மறுக்கிற இடத்தில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் இப்போது நிற்பதில்லை.

அரை மீட்டரிலிருந்து ஒரு துண்டு வெட்டி, தேதி போட்டு, கடைக்காரர் கையெழுத்தோ சீலோ வாங்கிக் கவரில் போட்டு வையுங்கள். பிறகு வருகிற 75 மீட்டர் வேறு துணியாக இருந்தால் இந்தத் துண்டுதான் சாட்சி.

கூடவே தெரிந்த துணி இரண்டு வேண்டும். ஒன்று நிச்சயமாகப் பருத்தி, இன்னொன்று நிச்சயமாகப் பாலியஸ்டர். பருத்திக்கு நான் எடுத்தது கைத்தறி வேட்டியின் வெட்டுத் துண்டு, பாலியஸ்டருக்கு லேபிளில் நூறு சதவீதம் என்று போட்ட பழைய விளையாட்டு டி-ஷர்ட். இவை எதற்கு என்பது அடுத்த படியில் தெரியும்.

3. ரீகெயின் அளப்பது: ஒரு இரவும் ஒரு மதியமும்

வேண்டியவை: 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு (எனக்கு 700 ரூபாய்க்குள் கிடைத்தது), கேக் சுடும் சின்ன அவன், அவனுக்குள் வைக்கும் வெப்பமானி, இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா மூன்று. சமையலறைத் தராசு ஒரு கிராம்தான் காட்டும், அது இங்கே உதவாது.

மூன்று துணியிலும் 20 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் துண்டு வெட்டுங்கள். கஞ்சியும் பூச்சும் போக ஒரு முறை சோப்புத் தூளில் துவைத்து, மூன்று நாலு தண்ணீரில் நன்றாக அலசி, முழுக்கக் காய வையுங்கள். பிறகு மூன்றையும் ஒரே அறையில், ஒரே கொடியில், ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, ஒரு இரவு தொங்கவிடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈரத்திலிருந்து காய்ந்து வரும் பருத்தி, காய்ந்த நிலையிலிருந்து ஈரம் ஏறும் பருத்தியைவிட ஒன்றிரண்டு சதவீதம்வரை கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அறை ஒன்றாகவே இருந்தாலும். அதனால் ஒன்றை இன்று துவைத்து, இன்னொன்றைப் பீரோவிலிருந்து எடுத்து ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகும். மூன்றும் ஒரே பாதையில் வர வேண்டும்.

காலையில் எடை எடுங்கள். இது ஈர எடை. பிறகு அவனில் 105 டிகிரியில் ஒரு மணி நேரம். அவன் திருகியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், என்னுடையது 100 என்று வைத்தால் 120 போனது, அதற்குத்தான் வெப்பமானி. துணி கம்பியையோ சூடாகும் குழாயையோ தொடக்கூடாது. கேஸ் அடுப்பின் மேல் காட்டி உலர்த்துவது, அயர்ன் பெட்டியால் தேய்த்து உலர்த்துவது, இரண்டும் வேண்டாம். அயர்னில் முழுக்கக் காயாது, அடுப்பில் பாலியஸ்டர் உருகும்.

துணியை அவனிலிருந்து எடுத்த உடனே டப்பாவுக்குள் போட்டு மூடுங்கள். திறந்த தட்டில் வைத்து எடை பார்த்தால் உங்கள் கண் முன்னாலேயே எண் ஏறும், நம்மூர்க் காற்றில் உலர்ந்த பருத்தி அவ்வளவு ஆவேசமாகக் குடிக்கும். முதல் தடவை நான் தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து பேட்டரி மாற்றினேன். டப்பாவோடு ஆற வைத்து, டப்பாவோடு எடை போட்டு, காலி டப்பா எடையைக் கழியுங்கள். பிறகு மறுபடி 20 நிமிடம் அவன், மறுபடி எடை. இரண்டு எடையும் ஒன்றானால் அதுதான் உலர் எடை.

என் எண்கள் இவை. வேட்டித் துண்டு ஈரமாக 11.34, உலர்ந்து 10.30. வித்தியாசம் 1.04, அதை உலர் எடையால் வகுத்தால் 10.1 சதவீதம். (ஈர எடையால் வகுக்காதீர்கள், அது வேறு கணக்கு, எண் குறைந்து வரும்.) டி-ஷர்ட் துண்டு 9.84, உலர்ந்து 9.80, ஆக 0.4 சதவீதம். 'காட்டன்' என்று எனக்கு விற்ற துணி 10.95, உலர்ந்து 10.55, அதாவது 3.8 சதவீதம்.

புத்தகத்தில் பருத்திக்கு 8.5 என்று இருக்க எனக்கு 10.1 வந்தது பிழையல்ல. இங்கே ஆய்வகத்தில் அளப்பது 27 டிகிரி, 65 சதவீத ஈரத்தில், என் அறை அன்று 80-ஐ நெருங்கியிருந்தது. தெரிந்த துணி இரண்டைக் கூட வைக்கச் சொன்னது இதற்குத்தான், உங்கள் அறையே அளவுகோலாகிவிடும். பாலியஸ்டர் 0.4, பருத்தி 10.1, நடுவே 9.7 இடைவெளி. என் துணி பாலியஸ்டரிலிருந்து 3.4 மேலே நிற்கிறது. 3.4-ஐ 9.7-ஆல் வகுத்தால் 0.35. பருத்தி 35 சதவீதம், பாலியஸ்டர் 65. கடைத்தெருவில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் கலவைதான், பில்லில் மட்டும் அது இல்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை உண்டு. கலவையில் விஸ்கோஸ் இருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். விஸ்கோஸ் பருத்தியைவிடக் கூடுதலாகக் குடிப்பதால், பாதிக்கு மேல் விஸ்கோஸும் மீதி பாலியஸ்டரும் கலந்த துணி பருத்தி போலவே எண் காட்டலாம். அதனால் ஒரு நூலைப் பிரித்து இடுக்கியில் பிடித்து எரித்தும் பாருங்கள். முனை உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டியானால் பாலியஸ்டர் இருக்கிறது. காகிதம் எரிந்த வாசனையோடு பொடிச் சாம்பலாகப் போனால் பருத்தியோ விஸ்கோஸோ. இரண்டையும் எரித்துப் பிரிக்க முடியாது.

4. விக்கிங் அளப்பது: துளி, அப்புறம் பட்டை

துளிச் சோதனைக்குப் பைசா செலவில்லை. துணியை ஒரு கிண்ணத்தின் வாயில் இறுக்கிக் கட்டி, ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சொட்டு மருந்துக் குழாயால் ஒரு துளி விடுங்கள். துளியின் பளபளப்பு மறையும் வரை எண்ணுங்கள். வேர்வைக்கான துணியில் இரண்டு மூன்று வினாடியில் மறைய வேண்டும். என் புதுத் துணியில் ஒரு நிமிடம் தாண்டியும் முத்துப்போல நின்றது. கையில் பூப்போல இருந்த அந்த மென்மை சிலிக்கான் பூச்சு, அதுதான் தண்ணீரைத் தடுத்தது. கடையில் தடவிப் பார்த்துத் துணி தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம் தொழிலில் எல்லோருக்கும் உண்டு, வேர்வை விஷயத்தில் மட்டும் கை பொய் சொல்லும்.

துளி மறைந்தால் துணி நனைகிறது என்று மட்டுமே தெரியும். எவ்வளவு தூரம் பரவும் என்பதற்குப் பட்டை வேண்டும். 2.5 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் நீளம், பாவு வாக்கில் ஒன்று, ஊடு வாக்கில் ஒன்று வெட்டுங்கள். இரண்டும் ஒரே எண் தராது. பட்டையில் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, கரையும் மையில், பவுண்டன் பேனா நல்லது. தண்ணீர் ஏறித் தொட்டதும் கோடு கலங்கும், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அடியில் ஒரு கிளிப் மாட்டி, கீழ் நுனி அரை சென்டிமீட்டர் மட்டும் தண்ணீரில் மூழ்கத் தொங்கவிட்டு, 1, 5, 10, 30 நிமிடங்களில் எந்தக் கோடு கலங்கியது என்று எழுதுங்கள்.

பத்து நிமிடத்தில் என் மேசையில் கிடைத்தவை: விளையாட்டு டி-ஷர்ட் 11 சென்டிமீட்டர், துவைத்த வேட்டி 7, என் கலவைத் துணி துவைக்காமல் ஒன்றுகூட இல்லை, ஒரு முறை துவைத்து 2. ஒரு ஆர்வத்தில் தறியிலிருந்து இறக்கியபடியே இருந்த துணியையும் தொங்கவிட்டேன், நூறு சதவீதப் பருத்தி, அரை மணி நேரம் ஆகியும் ஏறவே இல்லை. பஞ்சின் இயற்கை மெழுகும் கஞ்சியும் போகாத துணி அது. நன்றாகக் கொதிக்கவைத்து அலசிய பிறகுதான் பருத்தி திரியாகிறது.

இதில் பொறி சோப்பு. துணியிலோ பாத்திரத்திலோ கொஞ்சம் சோப்பு ஒட்டியிருந்தால் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறும், துணி அபாரம் என்று நினைத்துக்கொள்வீர்கள். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் பிடித்து வையுங்கள்.

5. ஐந்து முறை துவைத்து மறுபடி பாருங்கள்

இதைத் தவிர்த்தால் மேலே செய்ததெல்லாம் பாதி வீண். 'டிரை ஃபிட்' என்று வருகிற பாலியஸ்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இழையின் வடிவமே பள்ளம் பள்ளமாக இருக்கும், அது துவைத்தால் போகாது. இன்னொன்றில் சாதாரண பாலியஸ்டர் மேல் ஒரு பூச்சு, அவ்வளவுதான். மலிவான பூச்சு சில துவைப்புகளில் கழன்றுவிடும். அதே விலை, அதே பளபளப்பு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நான் பார்த்த மூன்று சாம்பிளில் ஒன்று 10 சென்டிமீட்டரிலிருந்து ஐந்து துவைப்பில் 3-க்கு இறங்கியது.

பருத்திக்கு நேர்மாறு. துவைக்கத் துவைக்க மேல்பூச்சு போய், நன்றாக இழுக்க ஆரம்பிக்கும். அதனால் புதிதாக நன்றாக இருந்த பாலியஸ்டரையும் புதிதாக மோசமாக இருந்த பருத்தியையும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

துணி மென்மையாக்கும் திரவத்தை ஒரு முறை ஊற்றிப் பாருங்கள், இரண்டுமே படுத்துவிடும். அது இழைமேல் கொழுப்பு மாதிரி ஒரு படலம் போடுகிறது. யூனிபார்ம் கொடுக்கும்போது இதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொடுக்கிறேன் இப்போது. படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

6. எவ்வளவு நேரத்தில் உலர்கிறது

உடம்பு குளிர்வது வேர்வை ஆவியாகும்போதுதான். துணி இழுத்து வைத்துக்கொண்டே இருந்தால் ஒரு பயனும் இல்லை, ஈரச் சாக்கைச் சுமப்பது மாதிரி. அதே 20-க்கு 40 துண்டுகளை நனைத்து, மெஷினில் ஸ்பின் போட்டு, ஃபேன் இல்லாத அறையில் தொங்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடை பாருங்கள்.

ஸ்பின்னுக்குப் பிறகு வேட்டித் துண்டில் 6.2 கிராம் தண்ணீர் இருந்தது, டி-ஷர்ட் துண்டில் 3.5. நான் எதிர்பார்க்காத விஷயம், இரண்டும் இழந்தது ஏறக்குறைய ஒரே வேகத்தில், பத்து நிமிடத்துக்கு 1.2 கிராம் சுமார். ஈரமாக இருக்கும்வரை இழை எது என்று காற்றுக்குக் கவலையில்லை. யாரிடம் தண்ணீர் குறைவாக இருந்ததோ அது முதலில் காய்ந்தது: டி-ஷர்ட் அரை மணிக்குக் கொஞ்சம் அதிகம், வேட்டி ஒரு மணி நேரத்துக்கு. ஃபேனைப் போட்டதும் இரண்டும் ஏறத்தாழ பாதி நேரம்.

இதிலிருந்து ஒன்று புரிந்தது. நம்மூர்த் தோர்த்து பருத்திதான், ஆனால் குளித்துத் துவட்டிக் கொடியில் போட்டால் சாப்பிட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடும். காரணம் இழை அல்ல, மெல்லிசு. தோர்த்தில் அதே அளவு துண்டு 7 கிராம்தான் இருந்தது, பிடித்த தண்ணீர் 4.3 கிராம். பருத்தியா பாலியஸ்டரா என்று மல்லுக்கட்டுவதற்கு முன்னால் சதுர மீட்டர் எடையைப் பாருங்கள். 200 கிராம் காட்டன் டிரில்லைவிட 100 கிராம் காட்டன் எப்போதும் மேல்.

ஊரும் முக்கியம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் எந்தச் சட்டையும் காய்ந்துவிடும், அங்கே துணி கொஞ்சம் தப்பானாலும் காற்று காப்பாற்றும். குளச்சல் கொட்டகைக்குள் காற்றோட்டமும் இல்லை, இருக்கிற காற்றில் ஈரத்துக்கு இடமும் இல்லை. அங்கே எந்தத் துணியும் அதிசயம் செய்யாது. பார்ட்டியிடம் நான் இதை நேராகவே சொன்னேன், சட்டைக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் எடுத்துச் சுவரில் இரண்டு ஃபேன் மாட்டுங்கள் என்று.

7. எப்போது ஆய்வகத்துக்கு அனுப்புவது

சின்ன ஆர்டருக்குத் தேவையில்லை. டெண்டர், அல்லது பார்ட்டி எழுத்தில் அறிக்கை கேட்டால் மட்டும். கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் (சிட்ரா) இருக்கிறது, டெக்ஸ்டைல்ஸ் கமிட்டியின் ஆய்வகங்களும் தமிழ்நாட்டில் உண்டு.

அனுப்பும் முன் மெயிலில் கட்டணப் பட்டியல் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனிக் கட்டணம், ஜிஎஸ்டி அதற்கு மேல். 'வேர்வை இழுக்குமா பாருங்கள்' என்று எழுதினால் திருப்பிக் கேட்பார்கள். இழைக் கலவை சதவீதம், நிமிர்வாக்கு விக்கிங் (AATCC 197), துளி உறிஞ்சல் (AATCC 79) என்று பெயரோடு எழுதுங்கள். துவைக்காமல் ஒரு முறை, துவைத்து ஒரு முறை என்று கேட்டால் இரண்டு கட்டணம். விண்ணப்பப் படிவம், உங்கள் ஜிஎஸ்டி எண், கையெழுத்திட்ட ஒரு மீட்டர் சாம்பிள், பணம் கட்டிய ரசீது, இவை ஒரே கவரில் போக வேண்டும். துணியை மடித்து அனுப்பாமல் அட்டைக் குழாயில் சுற்றி அனுப்பினேன். கூரியர் போய், அறிக்கை வர எனக்குப் பத்து நாள் ஆனது. ஆர்டரின் கெடுவுக்கு முன் இந்தப் பத்து நாளைக் கணக்கில் வையுங்கள்.

வீட்டுக் கணக்கில் 35 என்று வந்த பருத்தி, அறிக்கையில் 34.2 என்று வந்தது. அந்தக் காகிதத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன், 'மில்லுக்காரன் ஏமாத்திட்டான்' என்றார்.

8. இரண்டாவது தடவை என்ன வாங்கினேன்

காவல்காரர்கள் 26 பேருக்கு 110 கிராம் பருத்தி, முழுக்கை, தளர்வாக. அவர்கள் அதிகம் வேர்ப்பதில்லை, நிழலில் நிற்கிறார்கள், ரீகெயின் போதும், காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். தளர்வு முக்கியம், சட்டைக்கும் உடம்புக்கும் நடுவே காற்று ஓட வேண்டும்.

பெட்டி தூக்குகிறவர்களுக்கு 140 கிராம் பாலியஸ்டர் பின்னல், இழையிலேயே பள்ளம் உள்ள வகை, ஐந்து துவைப்புக்குப் பிறகும் 9 சென்டிமீட்டர் ஏறியது. இதை உடம்பை ஒட்டித் தைக்க வேண்டும், தொட்டால்தானே திரி எண்ணெயை இழுக்கும். தோர்த்து மாதிரி மெல்லிய பருத்தி இதைவிட இதமாக இருந்திருக்கும், ஆனால் பெட்டி விளிம்பு உரசி ஒரு மாதத்தில் கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஆளுக்கு இரண்டு, மதியம் மாற்றிக்கொள்ள. ஐஸ் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் வேலை செய்கிற இருவருக்கு மட்டும் பாலியஸ்டர் கொடுக்கவில்லை, பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கல்யாணச் சமையல் ஆட்களுக்கு டி-ஷர்ட் ஆர்டர் எடுக்கிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாலியஸ்டரில் வேர்வை வாடை தங்குகிறது, அதோடு மீன் வாடையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். போட்டுக் கழற்றியதும் தண்ணீரில் முக்கி வைக்கச் சொன்னேன், சிலர் செய்கிறார்கள். போன வாரம் போனபோது கொட்டகையில் ஒரு ஃபேன் மாட்டியிருந்தது. முதல் தடவை போன் செய்த அதே ஆள் அதன் நேர் கீழே நின்றுகொண்டு, "இப்ப கொள்ளாம் அண்ணே, ஆனா வீட்ல இதத் துணிக்கூடையில போட விட மாட்டாங்க" என்றார்.